ஐந்து ஸ்வரம், ஒரு பெட்டி: பிசிறில்லாமல் முதல் கிட்டார் சோலோ

நாலைந்து கார்டு பிடிக்கப் பழகியவர் அடுத்து சோலோ வாசிக்க ஆசைப்பட்டால், எல்லோரும் காட்டுகிற வழி பென்டடோனிக் ஸ்கேல்தான். "அந்த ஐந்து ஸ்வரத்தை எப்படி வாசித்தாலும் தப்பாகக் கேட்காது" என்பார்கள். இதில் பாதி உண்மை. போகிற வழியில் அந்த ஐந்தில் எதைத் தொட்டாலும் தப்பில்லை. ஆனால் எந்த ஸ்வரத்தில் நிற்கிறோம், அப்போது கீழே எந்தக் கார்டு ஒலிக்கிறது என்பதில்தான் அது பாட்டாகிறதா, விரல் பயிற்சியாகவே நின்றுவிடுகிறதா என்பது இருக்கிறது. அந்த ஐந்தும் கிட்டாரில் அமையும் வடிவத்தை, அதாவது பெட்டியை, மனப்பாடம் செய்துவிட்டு "எனக்கு மட்டும் ஏன் நன்றாக வரவில்லை" என்று திணறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதியில் மாட்டிக்கொண்டவர்கள். இந்த வழிகாட்டி இரண்டு பாதிக்கும் சேர்த்து. எடுத்துக்கொள்வது ஒரே ஸ்கேல், ஏ மைனர் பென்டடோனிக். ஒரே இடம், ஐந்தாம் ஃப்ரெட். நாலே கார்டு.

ஏன் உரசுவதில்லை

ஏ மைனர் ஸ்கேலில் ஏழு ஸ்வரம்: ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி. இதில் இரண்டு இடத்தில் மட்டும் பக்கத்து ஸ்வரங்கள் ஒட்டி உட்கார்ந்திருக்கும். பி-க்கும் சி-க்கும் நடுவே ஒரே ஒரு ஃப்ரெட், ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவே ஒரே ஒரு ஃப்ரெட். ஒரு ஃப்ரெட் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஸ்வரம் ஒன்றாக ஒலித்தால் காதில் உரசும். கார்டில் பி இருக்கும்போது சோலோ சி-யில் நின்றாலும், கார்டில் எஃப் இருக்கும்போது சோலோ ஈ-யில் நின்றாலும் அந்த உரசல் வரும். தவிர, பி-யும் எஃப்-பும் ஆறு ஃப்ரெட் தள்ளி இருப்பவை. அந்த ஜோடி ஒலித்தால் எங்காவது போய்ச் சேர வேண்டும் என்ற தவிப்பு பிறக்கும்.

பென்டடோனிக் செய்வது மிக எளிய வேலை. பி, எஃப் இரண்டையும் எடுத்துவிடுகிறது. மீதி ஏ, சி, டி, ஈ, ஜி. இவற்றில் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களுக்கு நடுவே இரண்டு ஃப்ரெட்டோ மூன்று ஃப்ரெட்டோ இடைவெளி. ஒட்டி நிற்கிற ஜோடியே கிடையாது, ஆறு ஃப்ரெட் ஜோடியும் போயிற்று. உரசுவதற்கான வாய்ப்பு ஸ்கேலுக்குள்ளேயே இல்லை.

கர்நாடக இசை கேட்டுப் பழகியவருக்கு இது அறிமுகமான சங்கதிதான். ஏ-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் இந்த ஐந்தும் ச, க, ம, ப, நி என்று சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள். அதே ஃப்ரெட்டுகளில் சி-யை ஷட்ஜமாக நினைத்தால் ச, ரி, க, ப, த என்று மோகனம். கமகமும் பிடிகளும் இல்லாமல் ராகம் ஆகிவிடாது என்றாலும், ஸ்வரங்களின் இடம் அதேதான். ஷட்ஜம் எது என்பதைத் தம்பூரா முடிவு செய்கிறது. அதை ஒட்டியே மற்ற ஸ்வரங்களின் குணம் மாறுகிறது. கிட்டார் சோலோவில் தம்பூராவின் இடத்தில் கார்டு இருக்கிறது. அது நாலு அடிக்கு ஒரு முறை மாறுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகிற எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

பெட்டி

முதல் கம்பி என்றால் மெல்லியது, ஆறாவது என்றால் தடித்தது. கீழே மேல் வரி முதல் கம்பி, அடி வரி ஆறாவது. எண்கள் ஃப்ரெட் எண்கள்.

```
e|--5-----8--
B|--5-----8--
G|--5--7-----
D|--5--7-----
A|--5--7-----
E|--5-----8--
```

ஐந்தாம் ஃப்ரெட் முழுக்க ஆள்காட்டி விரல். ஏழுக்கு மோதிர விரல். எட்டுக்குச் சுண்டு விரல். ஆறாம் ஃப்ரெட்டில் இந்த ஸ்கேலுக்கு ஸ்வரமே இல்லாததால் நடுவிரலுக்கு இப்போதைக்கு வேலை இல்லை.

மொத்தம் 12 இடம். அதில் ஏ இருக்கும் மூன்று இடத்தைத் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டும்: ஆறாம் கம்பி ஐந்தாம் ஃப்ரெட், நாலாம் கம்பி ஏழாம் ஃப்ரெட், முதல் கம்பி ஐந்தாம் ஃப்ரெட். இந்த மூன்றும் உங்கள் வீடு. எங்கே சுற்றிக்கொண்டிருந்தாலும் பக்கத்தில் இருக்கும் ஏ எது என்று யோசிக்காமல் விரல் போக வேண்டும். இதற்கு ஒரு பயிற்சி: பெட்டியில் கண்ணை மூடி எங்காவது விரலை வைத்து, அங்கிருந்து ஸ்கேல் வழியாகவே நடந்து மிக அருகிலுள்ள ஏ-க்குப் போய் நில்லுங்கள். மேலே கீழே ஓடி ஓடி ஸ்கேல் வாசிப்பதைவிட இது பலமடங்கு பயன் தரும். ஸ்கேலை எப்போதும் ஆறாம் கம்பியில் தொடங்கி முதல் கம்பியில் முடித்துப் பழகியவர்களின் சோலோ ஏணிப்படி ஏறி இறங்குவதுபோலவே இருக்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடுவிப்பது கஷ்டம்.

பின்னணியை நீங்களே பதிவு செய்யுங்கள்

இணையத்தில் பேக்கிங் ட்ராக் ஏராளமாகக் கிடைக்கும். ஆனால் முதல் முறை நீங்களே வாசித்துப் பதிவு செய்வது நல்லது. எந்தக் கார்டு எப்போது வருகிறது என்பது கையிலேயே பதிந்துவிடும்.

முதலில் ட்யூனரை வைத்து ஆறு கம்பியையும் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 70 அடியில் வையுங்கள். கைபேசியின் ஒலிப்பதிவில் இரண்டு பதிவு தேவை. முதல் பதிவில் ஏ மைனர் மட்டும், ஒவ்வோர் அடிக்கும் கீழ்நோக்கி ஒரு வீச்சு, மூன்று நிமிடம். இரண்டாவது பதிவில் ஏ மைனர், எஃப், சி, ஜி, ஒவ்வொன்றும் நாலு அடி. ஒரு சுற்று 16 அடி, ஏறக்குறைய 14 வினாடி. இருபது சுற்று வாசித்தால் நாலரை நிமிடப் பின்னணி கிடைத்துவிடும்.

எஃப் கார்டை முழு பார் பிடித்து வாசிக்க வேண்டாம். நாலாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட், மூன்றாம் கம்பி இரண்டாம் ஃப்ரெட், இரண்டாம் கம்பி முதல் ஃப்ரெட், முதல் கம்பியை அப்படியே வெறுமனே விட்டு இந்த நாலு கம்பியை மட்டும் வீசுங்கள். இதற்குப் பெயர் எஃப் மேஜர் செவன். பிடிக்க எளிது என்பது மட்டுமல்ல காரணம். வெறும் முதல் கம்பி ஈ. கார்டுக்குள்ளேயே ஈ வந்துவிடுவதால், சோலோ ஈ-யில் நிற்கும்போது அது வெளியாள் மாதிரி ஒலிக்காது, கார்டின் ஒரு பகுதியாகவே கேட்கும்.

முதலில் மூன்றே ஸ்வரம்

ஏ மைனர் மட்டும் இருக்கும் பதிவை ஓட விடுங்கள். பன்னிரண்டு இடத்தையும் மறந்துவிட்டு மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: நாலாம் கம்பி ஏழு (ஏ), மூன்றாம் கம்பி ஐந்து (சி), மூன்றாம் கம்பி ஏழு (டி).

இப்போது "எங்கே போறே?" என்று வாயால் சொல்லுங்கள். நாலு அசை. அந்த அசைக்கு அசையாக ஏ, சி, சி, டி என்று வாசித்து டி-யில் நில்லுங்கள். ஏ மைனர் கார்டில் டி இல்லை. உரசவும் உரசாது, ஆனால் பதிலுக்குக் காத்திருப்பதுபோல் அந்தரத்தில் நிற்கும். ஓர் அடி சும்மா இருந்துவிட்டு "கடைக்குப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே டி, டி, சி, சி, ஏ வாசியுங்கள். ஏ-யில் வந்து அமர்ந்ததும் விஷயம் முடிந்துவிட்டது என்று காது ஒத்துக்கொள்ளும். கேள்வி, பதில். சோலோவின் அடிப்படை அலகு இதுதான்.

ஸ்வரம் மூன்றுதான் என்பதால் வேறுபாடு காட்ட உங்களுக்கு மீதியிருப்பது தாளம் ஒன்றே. ஒரே மூன்று ஸ்வரத்தை நீட்டி, குறுக்கி, ஓர் அடி தள்ளித் தொடங்கி, இரண்டு முறை அழுத்தி என்று வேறு வேறு வாக்கியங்களைப் பேசிப் பார்த்து வாசியுங்கள். வாயால் சொல்ல முடியாத தாளத்தை விரலால் வாசிக்க முயல வேண்டாம். இன்னொரு விதி: எட்டு அடி வாசித்தால் அடுத்த எட்டு அடி கண்டிப்பாக மௌனம். புதிதாக வாசிப்பவரின் சோலோ தப்பாகக் கேட்பதற்கு ஸ்வரத்தைவிட இதுதான் பெரிய காரணம். மூச்சே விடாமல் சம இடைவெளியில் ஸ்வரம் கொட்டிக்கொண்டே இருந்தால், ஐந்தும் சரியாக இருந்தாலும் கேட்பவருக்கு அர்த்தமில்லாத முணுமுணுப்பாகவே படும்.

நிற்கும் இடம்

இனி நாலு கார்டு பதிவு. ஒவ்வொரு கார்டுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஏ மைனரில் ஏ, சி, ஈ. மூன்றும் நம் பெட்டியில் உண்டு. எஃப் மேஜர் செவனில் எஃப், ஏ, சி, ஈ; எஃப் தவிர மூன்றும் நம்மிடம் இருக்கிறது. சி கார்டில் சி, ஈ, ஜி, மூன்றும் உண்டு. ஜி கார்டில் ஜி, பி, டி. பி நம்மிடம் இல்லை, மற்ற இரண்டும் உண்டு.

கார்டில் இருக்கும் ஸ்வரத்தில் நின்றால் சோலோ கார்டோடு கலந்துவிடும். மற்றவற்றில் நின்றால் மிதக்கும். அது பெரும்பாலும் அழகாகவே இருக்கும். உரசுவது ஒரே ஓர் இடத்தில்தான்: ஜி கார்டு ஒலிக்கும்போது சி-யில் நீளமாக நிற்பது. கார்டுக்குள் இருக்கும் பி-யும் உங்கள் சி-யும் ஒரு ஃப்ரெட் இடைவெளியில் மோதுகின்றன. நாம் ஸ்கேலிலிருந்து தூக்கி வெளியே போட்ட பி, கார்டு வழியாகத் திரும்பி வந்துவிட்டது. "பென்டடோனிக்கில் தப்பே வராது" என்பது பொய்க்கும் இடம் இது. சி-யை அரை அடி தொட்டுவிட்டு நகர்ந்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு அடி பிடித்து நின்றால் யாருக்கும் தெரியும்.

ஆகவே ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு நிற்கும் ஸ்வரம் வைத்துக்கொள்வோம். ஏ மைனருக்கு ஏ: நாலாம் கம்பி ஏழு. எஃப்-க்கு சி: மூன்றாம் கம்பி ஐந்து. சி-க்கு ஈ: இரண்டாம் கம்பி ஐந்து. ஜி-க்கு டி: மூன்றாம் கம்பி ஏழு. பதிவை ஓடவிட்டு, ஒவ்வொரு கார்டின் முதல் அடியில் இந்த ஒரே ஸ்வரத்தை வாசித்து நாலு அடியும் ஒலிக்க விடுங்கள். நாலு ஸ்வரம், வேறெதுவும் இல்லை. இருபது சுற்றும் இப்படியே. சலிப்பாகத் தோன்றலாம், ஆனால் இந்த நாலு ஸ்வரம் மட்டுமே ஒரு மெட்டாகக் கேட்பதைக் கவனியுங்கள். கார்டு மாறும் நொடியில் நீங்களும் சேர்ந்து மாறுவதால்தான் அப்படிக் கேட்கிறது. இதைச் செய்யாமல் அடுத்ததுக்குத் தாவுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

ஒரு முழுச் சுற்று

இப்போது நிற்கும் ஸ்வரங்களுக்கு நடுவே நடக்கும் வழியைப் போடுவோம். மூன்றே கம்பி. ஒவ்வொரு கட்டத்திலும் 16 எழுத்து, நாலு எழுத்துக்கு ஓர் அடி.

```
  Am               F
B|----------------|----------------|
G|----------------|5-----------5-7-|
D|7-----------5-7-|----------------|

  C                G
B|5-----------8-5-|----------------|
G|----------------|7-------5-------|
D|----------------|----------7-5---|
```

முதல் கட்டத்தில் ஏ-யை இரண்டு அடி பிடித்துவிட்டு, மூன்றாம் அடியில் கம்பியை அடக்கி மௌனம். நாலாம் அடியில் இரண்டு அரை அடி ஸ்வரம்: ஜி, ஏ. அவை இரண்டும் எஃப் கார்டின் முதல் அடியில் வரும் சி-க்குக் கொண்டுபோய் விடுகின்றன. இரண்டாம் கட்டமும் அதே தாளம்: சி நீளமாக, மௌனம், பிறகு சி, டி என்று இரண்டு சிறு ஸ்வரம், அவை ஈ-யில் கொண்டுவிடும். மூன்றாவதும் அப்படியே, ஆனால் இந்த முறை மேலே ஜி-யைத் தொட்டு ஈ வழியாக டி-க்கு இறங்குகிறது. மூன்று முறை ஒரே தாளம் வந்துவிட்டதால் காது நாலாவதையும் அப்படியே எதிர்பார்க்கும். அங்கே கொஞ்சம் மாற்றி, டி-யை இரண்டு அடி பிடித்தபின் மௌனத்துக்குப் பதிலாக சி, ஏ, ஜி என்று இறங்கி, மறுபடி முதல் கட்டத்தின் ஏ-யில் வீடு சேர்கிறோம்.

நாலாம் கட்டத்தில் ஜி கார்டின் மேல் சி வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது, அரை அடிக்கு மட்டும். வழிப்போக்கராக வந்து போவதால் அது உரசலாகக் கேட்பதில்லை. சோதித்துப் பார்க்க வேண்டுமானால் அந்தக் கட்டத்தின் முதல் அடியில் டி-க்குப் பதில் சி-யை வைத்து நாலு அடி பிடித்துப் பாருங்கள். அந்த உரசல் எப்படி இருக்கும் என்று காது ஒரு முறை கற்றுக்கொண்டால் பிறகு எந்தப் பாட்டிலும் அடையாளம் கண்டுகொள்ளும்.

இதை மனப்பாடமாக வாசிக்க வந்ததும் புனைந்து வாசிப்பது தொடங்குகிறது. நிற்கும் ஸ்வரங்களை அப்படியே வைத்துக்கொண்டு, நாலாம் அடியில் வரும் இரண்டு சிறு ஸ்வரங்களை மட்டும் மாற்றுங்கள். பெட்டிக்குள் எந்த இரண்டானாலும் சரி. இங்கேதான் பென்டடோனிக்கின் வாக்குறுதி முழுதாகச் செல்லும்: வழியில் எதை மிதித்தாலும் தப்பில்லை, ஏனென்றால் போய்ச் சேரும் இடம் நிச்சயம். அது கைவந்தபின் நிற்கும் ஸ்வரங்களையே மாற்றலாம். ஏ மைனருக்கு ஈ (இரண்டாம் கம்பி ஐந்து), எஃப்-க்கு ஏ (முதல் கம்பி ஐந்து), சி-க்கு ஜி (இரண்டாம் கம்பி எட்டு), ஜி-க்கு டி (மூன்றாம் கம்பி ஏழு) என்பது மேல் கம்பிகளில் நல்ல இரண்டாவது வரிசை. முதல் சுற்று கீழ் வரிசையில், இரண்டாவது சுற்று மேல் வரிசையில் என்று வாசித்தாலே சோலோவுக்கு ஓர் ஏற்றம் கிடைத்துவிடும்.

நடுவில் விரல் தவறி, கார்டோடு சேராத ஸ்வரத்தில் நின்றுவிட்டால் கையை எடுக்காதீர்கள். பெட்டிக்குள் அடுத்த ஸ்வரத்துக்கு நகருங்கள். ஜி கார்டில் சி-யில் மாட்டிக்கொண்டால் அதே கம்பியில் இரண்டு ஃப்ரெட் மேலே டி காத்திருக்கிறது. நழுவிப் போய்ச் சேர்ந்தால் கேட்பவருக்கு அது நீங்கள் வேண்டுமென்றே வைத்த இழுவை என்றுதான் தோன்றும்.

பெண்ட் செய்யும்போது ஸ்கேலை விட்டு வெளியே போய்விடுவது

கம்பியை இழுத்து ஸ்வரத்தை உயர்த்துவது சோலோவுக்குக் குரல் தருவது. ஆனால் ஃப்ரெட் காப்பாற்றிக்கொண்டிருந்த சுருதியை அங்கே உங்கள் விரல் பொறுப்பேற்கிறது. தப்பே வராத ஸ்கேலில் தப்பு நுழைவதற்கு மிகவும் திறந்த கதவு இதுதான்.

வழக்கமான பெண்ட் இரண்டு ஃப்ரெட் அளவு. இந்த ஐந்தில் எதை இரண்டு ஃப்ரெட் உயர்த்தினால் ஸ்கேலுக்குள்ளேயே இருக்கும்? சி டி ஆகும், டி ஈ ஆகும், ஜி ஏ ஆகும். ஏ-யை உயர்த்தினால் பி, நம் ஸ்கேலில் இல்லை. ஈ-யை உயர்த்தினால் எஃப் ஷார்ப், இந்தப் பாட்டிலேயே இல்லை. ஆக மூன்று ஸ்வரத்தை மட்டும் இழுக்கலாம். வசதியாக, மேல் மூன்று கம்பியிலும் ஆள்காட்டி விரலுக்குத் தள்ளியுள்ள ஃப்ரெட்டில் அவைதான் இருக்கின்றன: மூன்றாம் கம்பி ஏழில் டி, இரண்டாம் கம்பி எட்டில் ஜி, முதல் கம்பி எட்டில் சி. விதி சுருக்கமானது: மேல் மூன்று கம்பியில், ஐந்தாம் ஃப்ரெட்டை இழுக்காதே, தள்ளியிருப்பதை இழு.

மூன்றாம் கம்பி ஏழிலிருந்து தொடங்குங்கள். மோதிர விரலை ஏழில் வைத்து, அதன் பின்னால் அதே கம்பியில் நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் துணைக்கு வைத்து, மணிக்கட்டைத் திருப்பி மேலே தள்ளுங்கள். தனி விரல் பலத்தால் தள்ளினால் பாதியிலேயே நின்றுவிடும். அளவு தெரிய முதலில் இரண்டாம் கம்பி ஐந்தை வாசியுங்கள். அது ஈ, நீங்கள் சேர வேண்டிய இடம். ஆள்காட்டி விரலை அங்கேயே விட்டு, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மற்ற இரண்டு விரலால் மூன்றாம் கம்பியை இழுங்கள். இரண்டும் நெருங்க நெருங்க ஒலியில் ஓர் அலை எழும், வேகமாக அடித்து, மெதுவாகி, சரியாகச் சேர்ந்ததும் அடங்கிவிடும். அலை அடங்காமல் நின்றால் நீங்கள் இன்னும் வந்து சேரவில்லை. ஒரு ஃப்ரெட் அளவுக்கு இழுத்து நிறுத்திவிட்டால் டி ஷார்ப் வரும். ஏ மைனர் கார்டில் இருக்கும் ஈ-யோடு அது நேராக மோதும்.

அக்குஸ்டிக் கிட்டாரில் இது வராவிட்டால் உங்கள் குற்றமில்லை. அக்குஸ்டிக்கில் வழக்கமாகப் போடும் கம்பித் தொகுப்பில் மூன்றாம் கம்பி மேல் சுற்றுக் கம்பியோடு தடிப்பாக வரும், அதை இரண்டு ஃப்ரெட் அளவுக்கு இழுப்பது பழகியவருக்கே சிரமம். இழுப்பதற்குப் பதில் சறுக்குங்கள். மூன்றாம் கம்பி ஏழை வாசித்து, அழுத்தத்தை விடாமல் ஒன்பதுக்குச் சறுக்கினால் அதே ஈ. இரண்டாம் கம்பியில் எட்டிலிருந்து பத்து, முதல் கம்பியிலும் எட்டிலிருந்து பத்து. ஃப்ரெட் சுருதியைப் பார்த்துக்கொள்ளும்.

வேறு பாட்டுக்குப் போகும்போது

பெட்டியின் வடிவம் மாறுவதில்லை, அது தொடங்கும் ஃப்ரெட் மட்டும் மாறும். பாட்டு எந்த ஸ்வரத்தில் முடிந்தால் நிறைவாக இருக்கிறதோ அதை முனகிக்கொண்டே ஆறாம் கம்பியில் தேடிப் பிடியுங்கள். பிறகு அந்த ஸ்வரத்தின் மேஜர் கார்டையும் மைனர் கார்டையும் பாட்டோடு வாசித்து எது சேர்கிறது என்று பாருங்கள். மைனர் சேர்ந்தால் ஆறாம் கம்பியில் அந்த ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல். மேஜர் சேர்ந்தால் அதே ஃப்ரெட்டில் சுண்டு விரல். அப்போது பெட்டி தானாக மூன்று ஃப்ரெட் கீழே தொடங்கிவிடும்.

எடுத்துக்காட்டாக சி மேஜர் பாட்டு. ஆறாம் கம்பியில் சி எட்டாம் ஃப்ரெட். சுண்டு விரலை அங்கே வைத்தால் ஆள்காட்டி விரல் ஐந்தில் நிற்கும், நாம் இதுவரை வாசித்த அதே பெட்டி. முன்பு சொன்ன மோகனம் இது. விரல் அதே இடம், ஆனால் வீடு ஏ அல்ல, சி. பதில் வாக்கியம் சி-யில் முடிய வேண்டும். ஜி மேஜர் என்றால் ஜி மூன்றாம் ஃப்ரெட்டில். மூன்று கீழே போனால் வெறும் கம்பி. அங்கே வாசிக்க வசதிப்படாவிட்டால் 12 ஃப்ரெட் மேலே, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் பெட்டியைத் தொடங்குங்கள்.

இதைக் கவனிக்காமல் ஏ மேஜர் பாட்டுக்கு ஐந்தாம் ஃப்ரெட் பெட்டியை எடுப்பது மிகப் பரவலான தவறு. ஏ மேஜர் கார்டில் சி ஷார்ப் இருக்கிறது, பெட்டியில் சி இருக்கிறது. ப்ளூஸில் அந்த உரசலே சுவை, அங்கே அதைத் தேடிப் போய் வாசிப்பார்கள். ஒரு மென்மையான காதல் பாட்டில் அது சோகமாகவும் பொருந்தாமலும் கேட்கும். ஏ மேஜருக்குச் சுண்டு விரல் ஐந்தில், பெட்டி இரண்டாம் ஃப்ரெட்டில்.

காப்போ இன்னொரு பொறி. தாளில் ஏ மைனர் என்று எழுதி "காப்போ இரண்டாம் ஃப்ரெட்" என்று போட்டிருந்தால் உண்மையில் ஒலிப்பது பி மைனர். காப்போ இல்லாத கிட்டாரில் சோலோ வாசிப்பவர் பெட்டியை ஏழாம் ஃப்ரெட்டில் தொடங்க வேண்டும்.

ஏ மைனர் பாட்டுகளில் ஈ மைனருக்குப் பதில் ஈ மேஜர் வருவதும் சகஜம், திரைப்பாடல்களில் அடிக்கடி கேட்கலாம். ஏ மைனருக்குத் திரும்பும் முன் ஓர் இழுப்பு உண்டாக்க அதை வைப்பார்கள். அந்தக் கார்டில் ஜி ஷார்ப் இருக்கிறது, உங்கள் பெட்டியில் ஜி. அந்த நாலு அடிக்கு ஜி-யில் நிற்காமல் ஈ-யில் நில்லுங்கள், போதும். துணிவு வந்தபின் நாலாம் கம்பியில் ஐந்துக்குப் பதில் ஆறாம் ஃப்ரெட்டை, அதாவது ஜி ஷார்ப்பையே அழுத்தி, அடுத்த ஏ மைனரில் ஏழாம் ஃப்ரெட் ஏ-க்குப் போங்கள். இதுவரை துணைக்கு மட்டும் வந்த நடுவிரலுக்குத் தனி வேலை அங்கே வருகிறது.

எதனால் தப்பாகக் கேட்கிறது என்று கண்டுபிடிப்பது

சோலோவைப் பின்னணியோடு சேர்த்துப் பதிவு செய்து, கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். வாசிக்கும்போது காது விரலின் பின்னால் போய்விடும்.

எல்லா ஸ்வரமும் கொஞ்சம் கொஞ்சம் விலகிக் கேட்டால் சுருதி. பின்னணியைப் பதிவு செய்த நாளுக்கும் இன்றைக்கும் நடுவே கம்பி தளர்ந்திருக்கும். நிறைய ஸ்வரம் பொருந்தி, குறிப்பிட்ட ஒன்றிரண்டு மட்டும் எப்போது வந்தாலும் இடித்தால் பெட்டி தப்பான ஃப்ரெட்டில் இருக்கிறது. மேஜர், மைனரை மறுபடி பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கார்டு வரும்போது மட்டும் இடித்தால் நிற்கும் ஸ்வரத்தை மாற்றுங்கள். எங்கேயும் இடிக்கவில்லை, ஆனாலும் கேட்கப் பிடிக்கவில்லை என்றால் பதிவில் மௌனத்தை எண்ணுங்கள். 16 அடியில் நாலு அடிகூட மௌனம் இல்லையென்றால் மூன்று ஸ்வரம், "எங்கே போறே" பயிற்சிக்குத் திரும்பி, அங்கிருந்து மறுபடி கட்டுங்கள்.